64-க்குக் கீழே 32

நானாட்டானில் என் தமக்கையின் மகன் கட்டிய புதுவீட்டில், விருந்தினர் அமரும் கூடத்தின் ஒரே ஒரு சுவருக்கு மாத்திரம் பூவேலை செய்த வோல்பேப்பர் ஒட்டுவதென்று தீர்மானமாகி, கொழும்பிலிருந்து அதன் றோல்கள் வந்திறங்கிய அன்று, அவற்றைச் சுற்றியிருந்த சிறு சீட்டில் அச்சாகியிருந்த எண்கள்தாம் என்னை இந்த விசாரணையில் இறக்கிவிட்டன. அகலம் 53 சென்ரிமீற்றர், நீளம் 10.05 மீற்றர், அதன்கீழ், ஒன்றுக்கொன்று ஏறியும் இறங்கியும் நிற்கும் இரண்டு அம்புக்குறிகளும், 64 என்றும் அதற்குக் கீழே 32 என்றும் எழுதிய பின்னம் போன்ற ஒரு குறியும். அரை மீற்றர் என்றோ பத்து மீற்றர் என்றோ முழு எண்ணாக வைத்துக்கொள்ள எவரும் தடுக்காதிருக்க, இந்தச் சில்லறைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று ஒட்டவந்த இளைஞரைக் கேட்டேன். "அது அப்பிடித்தான் வரும் ஐயா. அனேகமா எல்லா றோலும் இதே அளவுதான்" என்று சொல்லிவிட்டு அவர் தம் ஏணியை விரிக்கலானார்.

முதல் இரண்டு எண்களின் மர்மம் அதிக நேரம் நிலைக்கவில்லை. மீற்றர்க் கணக்கை விட்டுப் பழைய ஆங்கில அளவுக்குத் திரும்பினால் 53 என்பது ஏறக்குறைய 21 அங்குலம், 10.05 என்பது 11 யார். இங்கிலாந்தில் 1712-ஆம் ஆண்டு தொடங்கி 1836 வரையில் சுவர்க் காகிதத்தின் மீது சதுர யார் கணக்கில் தீர்வை விதிக்கப்பட்டிருந்தமையால், காகிதத்தின் அளவு அங்கே தொழிலாளியின் சௌகரியத்துக்கு மட்டும் உரிய விஷயமாக இருக்கவில்லை. அரசாங்கத்தின் கண்ணும் அதன்மேல் இருந்தது. அங்குலமும் யாரும் அரங்கை விட்டுப் போன பின்னரும் அவற்றின் நிழல் மீற்றர்க் கோலில் விழுந்துகொண்டிருக்கிறது. ஆனால் 64-க்குக் கீழே 32 என்ற குறி அவ்வளவு எளிதில் வசப்படவில்லை. அது அளவைப் பற்றியதன்று. ஒரு துண்டிலுள்ள பூ அடுத்த துண்டிலுள்ள தன் காம்பை எந்த உயரத்தில் சந்திக்கவேண்டும் என்பதைப் பற்றியது. அப்படிச் சந்திக்கவேண்டும் என்ற எண்ணமே முதன்முதலில் யாருக்கு உதித்தது என்பதே நான் தேடிப்போன கேள்வி.

நீளமான காகிதச் சுருள் என்பது பிற்காலத்து வஸ்து. பிரான்ஸ் தேசத்து லூயி-நிக்கொலா றொபேர் என்பவர் 1799-இல் தொடர்காகித யந்திரத்துக்கு உரிமை பெறும்வரையில், காகிதம் கைச்சட்டத்தில் வார்த்த தனித்தனித் தாளாகவே கிடைத்தது. கேம்பிரிட்ஜிலுள்ள கிறைஸ்ட்ஸ் கல்லூரியின் உத்தரத்தில் 1911-இல் கண்டெடுக்கப்பட்ட மாதுளைச் சித்திரத் துண்டு, 1509-ஐச் சேர்ந்த அரச விளம்பரம் ஒன்றின் பின்பக்கத்தில் அச்சிட்டது; இங்கிலாந்தில் எஞ்சியுள்ள ஆதிச் சுவர்க் காகிதம் அதுவேயென்பர். அந்நாளில் பாரிஸில் அலங்காரத் தாள் விற்றவர்களின் சரக்கும் பெரும்பாலும் இவ்வாறு தாள்தாளாகவே இருந்தது. அலமாரியின் உட்பக்கத்துக்கும் பெட்டியின் மூடிக்கும் அது போதும். சுவர் முழுவதையும் மூடப் புகுந்தால் ஒவ்வொரு தாளும் தன் எல்லையைத் தானே பறைசாற்றிக்கொண்டு நிற்கும்.

இந்த எல்லையை அழித்தவர் என்று பெயர் பெற்றவர் ழான் பப்பியோன் என்னும் பாரிஸ் மரச்செதுக்காளர். காலம் 1688-ஐ ஒட்டியது. தாளின் வலப்பக்க விளிம்பில் பாதியாக நின்றுபோன இலை, இன்னொரு தாளின் இடப்பக்க விளிம்பில் மீதிப் பாதியாகத் தொடங்கும்படியும், மேலும் கீழும் அவ்வாறே பொருந்தும்படியும் அவர் கட்டையைச் செதுக்கினார். இதற்கான சாட்சி அவருடைய மகன் ழான்-மிஷேல் 1766-இல் வெளியிட்ட மரச்செதுக்குக் கலை நூல்தான் என்பதையும், தந்தையின் புகழை மகன் எழுதும்போது சற்றே கை நீளுவது உலக இயல்பு என்பதையும் நான் மறைக்கப்போவதில்லை. ஆயினும் அந்த மகன் தாமும் அதே தொழிலில் வளர்ந்தவர். பட்டறையின் நுணுக்கத்தை அறியாமல் எழுதியவர் அல்லர்.

செய்கை எளிது போலத் தோன்றினாலும் அதன் சூக்குமம் வேறிடத்தில் இருக்கிறது. தனிச் சித்திரம் வரைபவன் நடுவிலிருந்து தொடங்கி விளிம்பை நோக்கிச் செல்கிறான். பொருந்தும் சித்திரம் வரைபவனோ விளிம்பையே முதலில் தீர்மானித்து, அதன் பின்னரே நடுவை நிரப்பவேண்டியவனாகிறான். அச்சிடுவோருக்கும் ஓர் அடையாளம் தேவைப்பட்டது. கட்டையின் மூலைகளில் சிறு ஊசிகளைப் பதித்துவைத்தார்கள். முதல் அழுத்தில் விழுந்த ஊசிப்புள்ளியின்மேல் அடுத்த அழுத்தின் ஊசியை நிறுத்தினால் சித்திரம் தொடரும்.

இங்கே ஒரு சந்தேகம் என்னை விடவில்லை. இந்த உபாயம் காகிதத்துக்குப் புதிதாயிருக்கலாம். துணிக்கு அது மிகப் பழசு. கெய்ரோவுக்கு அருகே ஃபுஸ்தாத் என்னும் பழைய நகரின் மண்மேட்டிலிருந்து கிடைத்த குஜராத்து அச்சுத்துணிகளுள் பல, பப்பியோனுக்குச் சில நூற்றாண்டுகள் முற்பட்டவை. அவற்றில் கட்டையோடு கட்டை சேர்ந்து சித்திரம் தொடர்ந்து ஓடுகிறது. இந்தியத் துணிகள் பிரான்ஸின் சந்தையை வளைத்துக்கொண்டதைப் பொறாமல் 1686-இல் அந்த அரசாங்கம் அவற்றைத் தடைசெய்ததோடு, அவற்றைப் பார்த்து உள்நாட்டில் அச்சிடுவதையும் விலக்கியது. இரண்டு ஆண்டுகளுக்குள் பாரிஸ் காகிதத்தில் அதே வித்தை தலைகாட்டுவதைத் தற்செயல் என்று கொள்ள என் மனம் ஒப்பவில்லை. எனினும் இதை என் ஊகமாகவே வைத்துவிடுகிறேன்.

அதன்பின் 1839-இல் இங்கிலாந்தின் டார்வென் நகரில் பொட்டர் நிறுவனத்தார் சுழலும் உருளைகளால் சுவர்க் காகிதம் அச்சிடத் தொடங்கியபோது விளிம்பின் தொல்லையில் பாதி தானே தீர்ந்துபோயிற்று. உருளைக்கு மேலும் இல்லை, கீழும் இல்லை. ஒரு சுற்று முடிந்தால் சித்திரம் மீண்டும் தொடங்கியே ஆகவேண்டும். ஆகவே உருளையின் சுற்றளவே சித்திரம் திரும்பும் தூரமாயிற்று. நம் சீட்டிலிருந்த 64-உம் இந்த வம்சத்ததே: துணி அச்சிடும் சல்லடை உருளைகளில் இன்று மிகப் பெருவழக்காயுள்ள சுற்றளவு 64 சென்ரிமீற்றர். அதன்கீழ் நின்ற 32 என்பது, ஒன்றுவிட்டு ஒரு துண்டை அரைச் சுற்று இறக்கி ஒட்டவேண்டும் என்ற கட்டளை.

இவ்வளவும் தொழிற்சாலையின் நியாயம். ஆனால் நானாட்டானில் மேசன் பூசிய சுவர் அதற்குக் கட்டுப்பட்டதன்று. இளைஞர் முதலிற் செய்த வேலை, சுவரில் ஒரு பொலித்தீன் துண்டை நாற்புறமும் ரேப்பால் மூடி ஒட்டி ஒரு நாள் விட்டுவைத்தது. உட்புறம் வியர்த்திருந்தால் சீமெந்துப் பூச்சு இன்னும் ஈரம் கக்குகிறது என்று பொருள். அது உலர்ந்தே இருந்தது. அடுத்து அளவெடுத்தார். நடு உயரத்தில் சுவரின் அகலம் 3.70 மீற்றர், சீலிங்கிலிருந்து ஸ்கேர்ட்டிங் என்கிற தரையோரப் பட்டி வரை 2.90 மீற்றர். நான் மனக்கணக்கில் 3.70-ஐ 0.53-ஆல் வகுத்து, ஏழு துண்டுகள் ஏறக்குறைய மிச்சமின்றிப் பொருந்துவதைக் கண்டு மகிழ்ந்து சொன்னேன்.

"ஏழு காணும் எண்டு கணக்குச் சொல்லும் ஐயா, மூலை சொல்லாது" என்று கூறி அவர் தூக்குக்குண்டை இறக்கினார்.

அவர் சொன்னது இதுதான். ஏழு துண்டுகளையும் நடுவிலிருந்து சமமாகப் பரப்பினால் இரு ஓரங்களிலும் வெட்டி எறிய மிஞ்சுவது அரைச் சென்ரிமீற்றர் மாத்திரம். நூலைப் பிடித்துப் பார்த்தபோதோ இடது மூலை நேராக இல்லை. உயரம் முழுவதிலும் 16 மில்லிமீற்றர் சாய்ந்து, தரையருகே 8 மில்லிமீற்றர் வெளியே போயிருந்தது. அங்கே காகிதம் 3 மில்லிமீற்றர் எட்டாமற் போய், ஸ்கேர்ட்டிங்கின் மேலே ஓர் ஊசி போன்ற வெள்ளைக் கீற்றைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஆகவே அவர் நடுத்துண்டைச் சுவரின் மையத்தில் வைக்காமல், இரண்டு துண்டுகள் சந்திக்கும் கோட்டை மையத்தில் வைத்தார். இப்போது ஒவ்வொரு புறமும் மூன்று முழுத் துண்டுகளும், மூலையில் 26 சென்ரிமீற்றர் அகலத் துண்டு ஒன்றும், ஆக எட்டு. மூலையின் சாய்வு அந்த 26-ஐ மேலே 25.2 ஆகவும் கீழே 26.8 ஆகவும் ஆக்கும். பெரிய இலைகளுக்கிடையே அதை யாரும் காணார். கோடு போட்ட காகிதமாயிருந்தால் சிறு பிள்ளைக்கும் தெரிந்துவிடும்.

எட்டாவது துண்டுக்காகக் காசு மிகுந்ததா என்றால் இல்லை. பரப்பளவை மட்டும் பார்த்தால் இரண்டு றோல்கள் கிட்டத்தட்டப் போதும்போலத் தோன்றும். கடைக்காரர்களும் அப்படித்தான் சொல்லுகிறார்கள். ஆனால் வெட்டுவதற்கு மேலும் கீழும் சேர்த்து 10 சென்ரிமீற்றர் விட்டால் துண்டு 3.00 மீற்றர், அடுத்த துண்டு சித்திரத்தின் அதே இடத்தில் தொடங்கவேண்டுமானால் ஐந்து சுற்று, அதாவது 3.20 மீற்றர் தள்ளியே வெட்டவேண்டும். 10.05-இல் இப்படி மூன்று துண்டுகளே எடுக்கலாம். ஏழுக்கும் எட்டுக்கும் மூன்று றோல்தான். ஒற்றைப்படைத் துண்டுகளுள் மூன்றை ஒரு றோலிலும் இரட்டைப்படைத் துண்டுகளுள் மூன்றை இன்னொன்றிலும், மீதி இரண்டை மூன்றாவதிலும் அவர் வெட்டியதற்கும் காரணம் உண்டு: இரண்டாவது றோலின் முகப்பில் ஒரே ஒருமுறை 32 சென்ரிமீற்றரைக் கழித்துவிட்டால், அரைச் சுற்று இறக்கம் அந்த றோல் முழுவதற்கும் தீர்ந்துபோகிறது.

ஒட்டும்போது பொருத்தத்தை அவர் மேலிருந்து பிடிக்கவில்லை. கண்ணுயரத்தில் பூவோடு பூவைச் சேர்த்து, பின்னர் மேலும் கீழும் தடவிக்கொண்டு போனார். பசை தோய்த்து ஊறவைக்கும் பழைய வகைக் காகிதம் ஈரத்தில் விரியும். ஒரு துண்டைக் கூடுதல் நேரமும் மற்றதைக் குறைந்த நேரமும் ஊறவிட்டால் இரண்டும் ஒரே நீளமாயிரா. நாங்கள் வாங்கியது சுவரில் பசை தடவி ஒட்டும் விரியாத வகையாயினும், அவர் கை பழகிய வழியை விடவில்லை. பிறர் வீட்டுச் சுவரில் பிழை எங்கே நேர்ந்ததென்று அறியும் சூத்திரத்தையும் அவரே சொன்னார்: பூவின் பிசகு மேலிருந்து கீழ்வரை ஒரே அளவாயிருந்தால் துண்டு தவறான இடத்தில் வைக்கப்பட்டது; போகப்போக வளர்ந்தால் காகிதம் விரிந்தது; பூ பொருந்தியும் இரண்டு துண்டுக்கும் இடையில் ஆப்புப்போல் சந்து திறந்தால் அவற்றில் ஒன்று தூக்குநூலுக்கு நிற்கவில்லை.

கடைசியாக எஞ்சியது ஸ்கேர்ட்டிங். டைல் பதித்தவர் தரையை ஒரு புறம் 9 மில்லிமீற்றர் தாழவிட்டிருந்தார். பட்டியும் தரையையே பின்பற்றியிருந்தது. அதை நீர்மட்டத்துக்குத் திருத்த எவராலும் இயலாது. காகிதத்தைப் பட்டியின் மேல்விளிம்போடு வெட்டுவதே வழி. அப்போது பட்டியை ஒட்டி நேர்வரிசையாகப் பூக்கள் நின்றிருந்தால் ஒரு முனையில் பூ முழுதாயும் மறுமுனையில் அடி கொய்யப்பட்டும் தெரிந்திருக்கும். அரைச் சுற்று இறங்கும் சித்திரத்தில் ஒரே உயரத்திலுள்ள இரு பூக்களுக்கு இடையே 1.06 மீற்றர் தூரம் இருப்பதாலும், நடுவே வேறு உயரத்துப் பூ நிற்பதாலும், ஒன்றிலிருந்து அடுத்ததற்கு வரும் 3 மில்லிமீற்றருக்கும் குறைவான வேறுபாடு கண்ணிற் படாது. மருமகன் பூவின் அழகைப் பார்த்து வாங்கியிருந்தான். வாங்கவேண்டிய காரணம் அந்த 32-இல் இருந்தது. மூன்றாவது றோலில் மிஞ்சிய மூன்றரை மீற்றரை, அச்சுத்தொகுதி எண் எழுதிய சீட்டோடு சேர்த்துச் சுருட்டி, அலமாரியின் மேல் வைக்கச் சொல்லிவிட்டு இளைஞர் கூலியை வாங்கிக்கொண்டார்.