ஒரே கீரை, இரண்டு கரைப்பான்: தாளில் நிறமிகள் பிரியும் விதம்

சிவப்புத் தண்டுக்கீரையின் இலையில் இரண்டு வகை நிறமிகள் கலந்திருக்கின்றன. ஒன்று சிவப்பு. கீரையை வேகவைத்த தண்ணீர் செக்கச்செவேலென்று ஆவது இதனால்தான். மற்றொன்று அந்தச் சிவப்புக்கு அடியில் மறைந்திருக்கும் பச்சையும் மஞ்சளும். எவ்வளவு வேகவைத்தாலும் இவை தண்ணீரில் இறங்குவதில்லை. தாள் வண்ணப்பிரிகையில் ஒரே கலவை ஒவ்வொரு கரைப்பானில் ஒவ்வொரு விதமாகப் பிரிவது ஏன் என்பதைக் காட்ட இதைவிடப் பொருத்தமான இலை எளிதில் கிடைக்காது.

ஆய்வகங்களில் இதற்குச் சாறு பிழியும் வேலைகூடத் தேவைப்படுவதில்லை. வடிதாளை விரல் அகலத்துக்கு நீளவாக்கில் வெட்டி, கீழ் விளிம்பிலிருந்து 2 செ.மீ. மேலே பென்சிலால் மெல்லிய கோடு போடுகிறார்கள். பேனாவால் போட்டால் அதன் மையும் கரைந்து மேலே ஏறிவிடும். கோட்டின் மேல் இலையை வைத்து ஒரு நாணயத்தின் விளிம்பை அழுத்தி உருட்டினால் சாறு கோடாகப் பதிகிறது. உலர்ந்ததும் அதே இடத்தில் இலையின் வேறொரு பகுதியை வைத்து மறுபடி உருட்ட வேண்டும். கோடு ஒடுக்கமாகவும் அடர்த்தியாகவும் இருப்பதில்தான் கைத்திறன் தெரியும். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஈரமாக ஏற்றினால் கோடு அகன்றுவிடும்; அகன்ற கோட்டிலிருந்து கிளம்பும் நிறப்பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக்கொள்ளும்.

இப்படித் தயாரித்த இரண்டு தாள்களில் ஒன்றைத் தண்ணீர் உள்ள குழாயிலும், மற்றதை 9 பங்கு பெட்ரோலியம் ஈதரும் 1 பங்கு அசிட்டோனும் கலந்த குழாயிலும் நிறுத்துகிறார்கள். திரவமட்டம் கோட்டுக்குக் கீழேயே இருக்க வேண்டும். கோடு மூழ்கினால் நிறமி மேலே போகாமல் குழாய்க்குள் கரைந்து போகும். தண்ணீர்த் தாளில் சிவப்பு கரைப்பானோடு மேலே ஓடுகிறது. பச்சை போட்ட கோட்டிலேயே நிற்கிறது. ஈதர்த் தாளில் நடப்பது இதற்கு நேர்மாறு. சிவப்பு அசையாமல் கிடக்க, பச்சையும் மஞ்சளும் கிளம்பி, வழியில் தனித்தனிப் பட்டைகளாகப் பிரிகின்றன.

காரணத்தைத் தாளிலிருந்து தொடங்குவதுதான் சரி. தாள் என்பது செல்லுலோஸ். அதன் மூலக்கூறு நெடுக ஹைட்ராக்சில் தொகுதிகள் இருக்கின்றன. அவை காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்வதால், உலர்ந்ததாகத் தோன்றும் தாளின் இழைகளிலும் மெல்லிய நீர்ப்படலம் உண்டு. இந்த இழையும் நீரும் சேர்ந்ததே அசையாத நிலை. இழைகளின் இடுக்கு வழியே தந்துகிக் கவர்ச்சியால் ஏறும் கரைப்பான் நகரும் நிலை. நிறமியின் ஒவ்வொரு மூலக்கூறும் சற்று நேரம் இழையோடு ஒட்டியிருக்கிறது, சற்று நேரம் கரைப்பானோடு போகிறது. கரைப்பானில் இருக்கும் நேரம் கூடக்கூட அது அதிக தூரம் ஏறும். ஆகவே ஒரு நிறமி எவ்வளவு தூரம் போகும் என்பது நிறமியின் குணத்தை மட்டும் பொறுத்ததல்ல. தாள், கரைப்பான் இரண்டில் எதன்மேல் அதற்குப் பற்று அதிகம் என்பதைப் பொறுத்தது. கரைப்பானை மாற்றினால் இந்தப் பற்றின் விகிதமே மாறிவிடுகிறது.

சிவப்பு நிறமி பீட்டாசயனின் வகையைச் சேர்ந்தது. அதன் மூலக்கூறில் சர்க்கரைப் பகுதியும் அமிலத் தொகுதிகளும் இருப்பதால் அதற்கு முனைவுத்தன்மை மிகுதி. தண்ணீரும் முனைவுள்ள திரவம். எனவே சிவப்பைத் தன்னோடு இழுத்துச் செல்வதோடு, செல்லுலோஸில் அது ஒட்ட வேண்டிய இடங்களையும் தண்ணீரே அடைத்துக்கொள்கிறது. பெட்ரோலியம் ஈதரோ வெறும் ஹைட்ரோகார்பன் கலவை. அதில் சிவப்புக்குப் பிடிமானமே இல்லாததால் அது தாளோடு தங்கிவிடுகிறது. பச்சையத்துக்கு பைட்டால் எனும் நீண்ட ஹைட்ரோகார்பன் வால் உண்டு. தண்ணீர் அதை ஏற்காது, ஈதர் ஏற்கும்.

ஈதர்த் தாளில் பட்டைகள் நிற்கும் வரிசை இன்னும் நுணுக்கமானது. உச்சியில் இருப்பது மஞ்சள் கரோட்டின், C₄₀H₅₆. அதில் ஆக்சிஜன் அணு ஒன்றுகூட இல்லை. தாள் பிடித்து நிறுத்த இடமில்லாததால் அது கரைப்பானின் முனையை ஒட்டியே ஓடுகிறது. கீழே வரும் சாந்தோஃபில் வகையில் முக்கியமான லூட்டீன், C₄₀H₅₆O₂. கரோட்டினோடு இரண்டு ஹைட்ராக்சில் தொகுதிகள் சேர்ந்ததுதான் அதன் வித்தியாசம். அந்த இரண்டே போதும், அது கணிசமாகப் பின்தங்க. பச்சையம் ஏ-யும் பச்சையம் பி-யும் பிரிவது இன்னும் வியப்பானது. முன்னதில் ஒரு மெத்தில் தொகுதி இருக்கும் இடத்தில் பின்னதில் ஆல்டிஹைடு தொகுதி இருக்கிறது. அத்தனை பெரிய மூலக்கூறில் அந்த ஒரு மூலையின் மாற்றம், நீலப்பச்சைப் பட்டையையும் அதற்குக் கீழே மஞ்சள்பச்சைப் பட்டையையும் கண்ணுக்குத் தெரியப் பிரித்துவிடுகிறது.

அசிட்டோன் இந்தக் கலவையில் செய்யும் வேலை தனியாகக் கவனிக்க வேண்டியது. ஈதர் மட்டும் இருந்தால் கரோட்டின் மேலே போய்விடும். மற்றவை கோட்டை விட்டு அதிகம் நகரா. அசிட்டோன் மட்டும் இருந்தால் எல்லாமே முனையருகே ஒன்றாகக் குவியும். முனைவுள்ள அசிட்டோன் சிறிதளவு சேரும்போது, தாளின் பிடியிலிருந்து பச்சையத்தை அளவோடு விடுவிக்கிறது. மைக்கேல் ஸ்வெட் எனும் ரஷ்யத் தாவரவியலர் 1906-இல் வெளியிட்ட ஆய்வுகளுக்கு அடிப்படையே இந்த உண்மைதான். பிரித்தெடுத்த பச்சையம் பெட்ரோலியம் ஈதரில் நன்றாகக் கரையும்போது, இலையிலிருந்து மட்டும் அது ஈதரால் ஏன் வெளிவருவதில்லை என்பது அவரது கேள்வி. சிறிது ஆல்கஹால் சேர்த்ததும் வெளிவந்தது. தடையாக இருந்தது கரைதிறன் அல்ல, இலைத்திசுவின் பிடிப்பே என்று கண்ட அவர், அந்தப் பிடிப்பையே பிரிக்கும் கருவியாக்கி, சுண்ணாம்புத் தூள் நிரப்பிய கண்ணாடிக்குழாயில் நிறமிகளை அடுக்கடுக்காகப் பிரித்தார்.

மைகளிலும் இதே விதிதான். ஸ்கெட்ச் பேனாவின் கறுப்பு மையிலுள்ள சாயங்கள் நீரில் கரைபவை என்பதால் தண்ணீரில் நீலம், சிவப்பு, மஞ்சள் என்று விரிகின்றன. அழியாத மார்க்கர் மை தண்ணீரில் புள்ளியாகவே நிற்கும், ஆல்கஹாலில் ஓடும்.

பட்டை ஏறிய தூரத்தைக் கரைப்பான் ஏறிய தூரத்தால் வகுத்தால் கிடைப்பது ஆர்.எஃப். மதிப்பு. கரைப்பான் 8 செ.மீ. ஏறிய தாளில் கரோட்டின் 7.6, சாந்தோஃபில் 5.7, பச்சையம் ஏ 5.2, பச்சையம் பி 3.6 செ.மீ. ஏறியிருந்தால், மதிப்புகள் முறையே 0.95, 0.71, 0.65, 0.45. தாளை எடுத்த உடனே கரைப்பானின் முனையைப் பென்சிலால் குறிக்க வேண்டும். ஈதர் நொடிகளில் ஆவியாகிவிடும்; பிறகு எதனால் வகுப்பது என்று தெரியாது. குழாயின் மூடி சரியாகப் பொருந்தாவிட்டாலும் தாளிலிருந்து ஈதர் ஆவியாகி, கலவையின் விகிதமும் மதிப்பும் மாறும். பக்கத்தில் நெருப்பு இருக்கவே கூடாது. சாம்பல் நிறப் பட்டை ஒன்று தெரிந்தால் இலையின் அமிலத்தால் பச்சையம் மக்னீசியத்தை இழந்திருக்கிறது என்று பொருள். பட்டைக்குக் கீழே வால் நீண்டால் சாறு அளவுக்கு மீறி ஏறியிருக்கிறது.

புத்தகத்தில் உள்ள மதிப்போடு ஒப்பிட்டு நிறமியின் பெயரைச் சொல்வது ஆபத்தானது. சாந்தோஃபிலும் பச்சையம் ஏ-யும் நெருங்கி நிற்பவை. தாளுக்குப் பதில் சிலிக்கா பூசிய தகட்டில் ஓட்டினால் சாந்தோஃபில் பச்சையங்களுக்கும் கீழே இறங்கிவிடுவதுண்டு. பெயர் தெரிந்த மாதிரியை அதே தாளில் பக்கத்திலேயே ஓட்டிப் பார்ப்பதுதான் நம்பத்தக்க வழி.

ஒரு கரைப்பானில் ஒட்டி நிற்கும் இரண்டு பொருள்கள் இன்னொன்றில் பிரியக்கூடும் என்பதால், கரைப்பானுக்குக் கரைப்பான் முடிவு மாறுவதையே பயன்படுத்திக்கொள்ளவும் முடியும். இங்கிலாந்தின் லீட்ஸில் கம்பளி ஆய்வு நிலையத்தில் கான்ஸ்டன், கார்டன், மார்ட்டின் மூவரும் 1944-இல் அமினோ அமிலங்களுக்கு இதைச் செய்து காட்டினார்கள். சதுரத் தாளின் ஒரு மூலையில் கலவையை வைத்து முதல் கரைப்பானில் ஓட்டி, உலர்த்தி, தாளைக் கால்வட்டம் திருப்பி இரண்டாவது கரைப்பானில் ஓட்டினால், முதல் ஓட்டத்தில் ஒரே புள்ளியாக நின்றவை பக்கவாட்டில் விலகித் தனித்தனிப் புள்ளிகளாகத் தெரியும்.