ரெண்டு கிழமை லீவு

"அக்கா, மே மாசம் எனக்கு ரெண்டு கிழமை லீவு வேணும், ஊருக்குப் போகோணும்." எங்கட வெள்ளவத்தை வீட்டில நிண்டு வேலை செய்யிற பிள்ளை கேட்டவ. ஊர் முள்ளிவாய்க்கால்.

18ஆம் திகதி நினைவேந்தல் ஒருநாள்தானே, நாலு நாள் காணாதோ எண்டு தெரிஞ்சாக்கள் கேட்டினம். காணாது. 12ஆம் திகதியே கஞ்சி காய்ச்சத் தொடங்கிவிடும். 2009இல போருக்குள்ள அங்க அகப்பட்ட சனம் உயிர்பிடிச்ச, அரிசியும் தண்ணியும் உப்பும் போட்ட கஞ்சி. 18ஆம் திகதி அவவின்ர செத்த அண்ணாவுக்கு விளக்கேத்தோணும். 18 முடிஞ்ச உடன பஸ் ஏற ஏலுமோ? தாய்க்குப் பக்கத்தில நாலு நாள் இருக்கோணும். சில வருசம் வற்றாப்பளை அம்மன் பொங்கலும் கிட்ட வரும். கடல்தண்ணியில விளக்கெரிச்சு நேர்த்தி வைக்கிற கோயில், அதையும் விட்டிட்டு வர மனம் வராது.

கடையிலயும் கந்தோரிலயும் வேலை செய்யிறவைக்கு 1954ஆம் ஆண்டுச் சட்டம் வருசத்துக்கு 14 நாள் சம்பளத்தோட லீவு குடுக்குது. வீட்டு வேலைக்காரர் அந்தச் சட்டத்துக்குள்ள இல்லை. அதாலதான் உரிமையா எடுக்கவேண்டியதை எங்களிட்டக் கெஞ்சிக் கேக்கினம். எனக்கு இது பொறுக்கேலாத அநியாயம்.

14 நாளும் போகட்டும். சம்பளம் வெட்டமாட்டன், பஸ் காசும் முதலே குடுத்திட்டன். உங்கட வீட்டிலயும் வன்னிப்பிள்ளை நிண்டால், மே வரமுதல் லீவு வேணுமோ எண்டு நீங்களே கேளுங்கோ.