‘வருது… பட்டு’: கோவில்பட்டித் திடலில் கவனம் பழகும் பையன்கள்

கோவில்பட்டி என்றால் வெளியூர்க்காரர்களுக்குக் கடலைமிட்டாய். ஹாக்கி ஆடியவர்களுக்கு அது லட்சுமி அம்மாள் நினைவுக் கோப்பை நடக்கும் ஊர். 2022-இல் ஜகார்த்தாவில் வெண்கலம் வென்ற ஆசியக் கோப்பை இந்திய அணியில் ஆடிய மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். அதே அணியில் பாகிஸ்தானுக்கு எதிராகக் கோல் போட்ட அரியலூர்க் கார்த்தி செல்வம், இங்குள்ள விளையாட்டு விடுதியில் பயின்றவர்.

இங்கே பள்ளிப் பையன்களுக்குப் பெனால்டி கார்னர் பயிற்சி தரும் ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். அவருடைய கவலை கோல் அடிப்பவனைப் பற்றியதல்ல. பந்தை நிறுத்துபவனைப் பற்றியது.

கோல் கம்பத்திலிருந்து 10 மீட்டர் தள்ளி, பின்கோட்டில் நிற்பவன் பந்தைத் தள்ளிவிடுகிறான். அரைவட்டத்துக்குச் சற்று வெளியே ஸ்டாப்பர் மட்டையைத் தரையோடு படுக்கவைத்து அதை நிறுத்த வேண்டும். பின்னால் காத்திருப்பவன் வட்டத்துக்குள் இழுத்துப் போய் அடிப்பான். பந்து கிளம்பிய அதே நொடியில் கோலுக்குள்ளிருந்து எதிரணிப் பையன் நேராக ஸ்டாப்பரை நோக்கிப் பாய்ந்து வருவான். நிறுத்துவதற்கு ஒரு நொடியை ஒட்டிய நேரம்தான். அதற்குள் கண் பந்தை விட்டு அவன் மேல் போனால், பந்து மட்டையில் பட்டுத் துள்ளிவிடும்.

அன்று ஒரு பத்தாம் வகுப்புப் பையனுக்கு அதுதான் நடந்தது.

“ஏலே, கண்ணு எங்கலே போச்சு?”

“ஓடி வர்றவன் காலப் பாத்துட்டேன் சார்.”

பயிற்சியாளர் திட்டவில்லை. ஓடிவருபவனை நிறுத்திவிட்டு, எல்லோரையும் பேசாமல் இருக்கச் சொல்லிப் பத்துப் பந்துகள் தள்ளச் சொன்னார். ஒன்பது நின்றன. மறுபடி ஓட்டமும் கூச்சலும் சேர்த்தபோது நான்குதான் நின்றன. அமைதியிலும் தவறினால் மட்டையின் சாய்வையோ குனியும் விதத்தையோ திருத்த வேண்டும். அமைதியில் நிறுத்திக் கூச்சலில் தவறினால்தான் கவனப் பயிற்சி என்பது அவர் வைத்திருக்கும் சோதனை. இந்தப் பிரிப்பைச் செய்யாமல் எல்லாத் தவறுக்கும் ‘கவனமா ஆடு’ என்று கத்துவதில் பயனில்லை. எதைக் கவனிப்பது என்று அந்தச் சொல் பையனுக்குச் சொல்வதே இல்லை.

அவர் தருவது இரண்டே சொற்கள். பந்து தள்ளுபவனின் மட்டையை விட்டுக் கிளம்பும்போது ‘வருது’, தன் மட்டையில் படும்போது ‘பட்டு’. வாய்விட்டுச் சொல்ல வேண்டும். டிமோதி கால்வே 1974-இல் எழுதிய டென்னிஸ் நூலிலும், பந்து தரையில் படும்போது ஒரு சொல், மட்டையில் படும்போது ஒரு சொல் என்று இதே முறை உண்டு. இதில் ஒரு வசதி, பையனின் கவனம் காதில் கேட்கிறது. ‘பட்டு’ பந்து வருமுன்னே வந்தால் கண் எழுந்துவிட்டது. பிந்தினால் அவன் வேறெங்கோ இருந்திருக்கிறான். சொல்லில் ‘கை’, ‘முட்டி’ எதுவும் இல்லை என்பதையும் கவனித்தேன். தன் உடம்பை நினைப்பதைவிட அசைவின் விளைவை நினைத்து ஆடுகிறவர்களே நன்றாகச் செய்கிறார்கள் என்று கேப்ரியேல் வுல்ஃப் என்ற ஆய்வாளர் பல விளையாட்டுகளில் காட்டியிருக்கிறார்.

இடைஞ்சல்களை அவர் படிப்படியாகத்தான் ஏற்றுகிறார். முதலில் பொருளில்லாத சத்தம்: தகரம் தட்டுவது, கைதட்டுவது. அது ஓரிரு நாளில் பழகிவிடுகிறது. அடுத்தது பொருளுள்ள சத்தம்: பையனின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது, ‘இடப்பக்கம் விடு’ என்று பொய்யாகக் கத்துவது. கடினம் இங்கேதான், ஏனென்றால் தன் பெயரைக் கேட்டால் கவனம் எளிதில் திரும்பிவிடும். கடைசியாக ஓடிவருபவன், முதலில் நடையாக, பிறகு முழு வேகத்தில். பத்தில் ஏழு நின்றால்தான் அடுத்த படி. ஒரு சுற்று பத்து நிமிடத்தைத் தாண்டுவதில்லை. களைத்த பையனின் தவறு கவனத் தவறா கால் தவறா என்று அவராலேயே சொல்ல முடியாது.

செயற்கைத் தரை வந்தபின் இந்தத் தேவை கூடியிருக்கிறது என்கிறார். மண் தரையில் பந்து எப்போது எகிறும் என்று தெரியாது, கடைசிவரை பார்த்தே ஆக வேண்டும். செயற்கைத் தரையில் நேராக வருவதால் பையன்கள் பாதியிலேயே கண்ணை எடுத்துவிடுகிறார்கள். எனக்கும் அது சரியாகவே பட்டது.

எண்கட்டத்தில் 00 முதல் 99 வரை வரிசையாகத் தேடும் பயிற்சியை அவர் விட்டுவிட்டார். பையன்கள் கட்டத்தில் வேகமானார்கள், திடலில் மாற்றமில்லை. ஆய்வுகளும் அந்தப் பயிற்சிக்கு ஆதரவாக இல்லை.

2021 ஆகஸ்ட் 5, டோக்கியோ வெண்கல ஆட்டத்தில் இந்தியா 5-4 என முன்னிலை. ஏழு நொடிகூட மிச்சமில்லாதபோது ஜெர்மனிக்குப் பெனால்டி கார்னர், ஸ்ரீஜேஷ் தடுத்தார். அந்தக் கடைசிப் பந்தைப் பற்றித் திடலில் எல்லாரும் பேசுகிறார்கள். இந்தப் பையன்களின் மாலைகள் போவது அப்படியொரு பந்துக்காகத்தான்.

உடற்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பந்து ஓடும்போது கோட்டுக்கு வெளியிலிருந்து திருத்தம் சொல்லாதீர்கள். அந்த நொடியில் பையனுக்கு உங்கள் குரலும் ஓர் இடைஞ்சல்தான். பந்து நின்றபின் சொல்லுங்கள்.