ஹேளு மாவா

என் மாமனார் மைசூரில் இருக்கிறார். கன்னட வாத்தியார், ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆகிறது. கல்யாணமான புதிதில் அவரும் நானும் இங்கிலீஷில்தான் பேசிக்கொள்வோம். "ஹவ் இஸ் யுவர் ஒர்க்?" என்பார். "ஃபைன்" என்பேன். அடுத்து மழை, டிராஃபிக். அதற்குள் மாமியார் வந்து பேச்சை வாங்கிக்கொள்வார். அவர் பேசும் கன்னடத்துக்கு நாங்கள் இருவரும் தலையாட்டிக்கொண்டிருப்போம்.

மாமியார் இறந்த பிறகுதான், எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச ஒன்றுமே இல்லை என்பது தெரிந்தது. பெங்களூரில் எட்டு வருஷம் இருந்தும் எனக்குக் கன்னடம் வரவில்லை. இந்த ஊரில் நீங்கள் தப்புத் தப்பாகக் கன்னடம் பேச ஆரம்பித்தால், எதிரில் இருப்பவர் இரக்கப்பட்டுத் தமிழுக்கோ இந்திக்கோ மாறிவிடுவார். கடைக்காரர், ஆட்டோக்காரர், என் மனைவி, எல்லோருமே அப்படித்தான். உதவி என்று நினைத்துத்தான் செய்கிறார்கள். ஆனால் அடுத்த வாக்கியத்துக்கு நமக்கு வேலை இல்லாமல் போய்விடுகிறது.

அதனால் நானே மாமாவிடம் கேட்டேன். தினமும் ராத்திரி எட்டரைக்குப் பதினைந்து நிமிஷம் போன். நான் எவ்வளவு திணறினாலும் நீங்கள் கன்னடத்தில்தான் பதில் சொல்ல வேண்டும். வார்த்தை தெரியாவிட்டால் அதையும் கன்னடத்திலேயே கேட்பேன்: "அதக்கே ஏனந்தாரே?" அதற்கு என்ன சொல்வார்கள் என்று அர்த்தம். உடனே சரி என்றார்.

முதல் வாரம் தாங்கவில்லை. காரணம், அவர் வாத்தியார்.

தமிழனுக்குக் கன்னடத்தில் ஒரு குறுக்கு வழி உண்டு. பழைய கன்னடத்தில் வார்த்தையின் முதலில் இருந்த ப, பின்னால் ஹ ஆகிவிட்டது. நம் பால் அங்கே ஹாலு, பத்து ஹத்து, பல் ஹல்லு, போவது ஹோகோது. இது தெரிந்ததும் எனக்குள் இருக்கும் புரோகிராமர் குஷியாகி எல்லா இடத்திலும் ஃபைண்ட் அண்ட் ரீப்ளேஸ் போட ஆரம்பித்துவிட்டான். நாங்கள் பொரியல் என்று சொல்வதற்கு அங்கே பல்யா. நான் "ஹல்யா" என்றேன். "ஹல்யா அல்ல, பல்யா" என்றார். பழைய ப எல்லா வார்த்தையிலும் போய்விடவில்லை என்று பத்து உதாரணம் சொன்னார். நான் சொல்ல வந்தது, அன்றைக்கு ஆபீஸில் என் டப்பாவை யாரோ எடுத்துச் சாப்பிட்டுவிட்ட கதையை. அந்தக் கதை பல்யாவோடு நின்றுபோனது. மறுநாள் அவருக்கு போன் செய்யவே கை வரவில்லை.

எட்டாவது நாள் இரண்டாவது விதியைச் சேர்த்தோம். நான் கேட்டால் ஒழியத் திருத்தக் கூடாது. அவருக்கு அது கஷ்டமாக இருந்திருக்கும். ஆனால் ஒப்புக்கொண்டார், கடைப்பிடித்தார்.

அதற்கப்புறம் பேச்சு ஓட ஆரம்பித்தது. மாமியார் வைத்திருந்த மல்லிகைச் செடி, அவருடைய முதல் பள்ளிக்கூடத்துக்குப் போக சைக்கிளில் கடந்த வாய்க்கால், என் அப்பாவின் கடன் எல்லாம் பேசினோம். ஒருநாள் எனக்குப் பசி என்பதற்கு "நனகே ஹசி" என்று சொன்னேன். ஹசி என்றால் பச்சை, வேகாதது. அவர் சிரிக்கவில்லை. "ஹசிவா? ஊட்ட ஆக்லில்வா?" என்று மட்டும் கேட்டார். பசியா, சாப்பாடு ஆகலையா என்று. சரியான வார்த்தை அவர் கேள்விக்குள்ளேயே இருந்தது. நான் பிடித்துக்கொண்டேன். இதுவே போதும், தனியாகத் திருத்தம் எதற்கு என்று நினைத்தேன்.

இப்படிப் பதிலுக்குள் சரியான வடிவத்தை வைத்துத் தருவதை மொழி கற்பித்தல் ஆய்வாளர்கள் ரீகாஸ்ட் என்கிறார்கள். ராய் லிஸ்டரும் லீலா ரான்டாவும் கனடாவில், பிரெஞ்சிலேயே பாடம் நடக்கும் ஆரம்பப் பள்ளி வகுப்புகளில் உட்கார்ந்து கவனித்து 1997-ல் ஒரு கட்டுரை எழுதினார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் ரீகாஸ்ட்தான். ஆனால் மற்ற வகைத் திருத்தங்களோடு ஒப்பிட்டால், பிள்ளைகள் மிகக் குறைவாகக் காது கொடுத்ததும் அதற்குத்தான். டீச்சர் தன்னைத் திருத்துகிறார் என்றே பல நேரம் தெரிவதில்லை. நாம் சொன்னதை ஆமோதிக்கிறார் என்று நினைத்துவிடுகிறோம். இதை நான் பிற்பாடுதான் படித்தேன். என் கதைக்கும் அதுதான் விளக்கம்.

அக்டோபரில் தசராவுக்கு மைசூர் போனோம். வீடு நிறைய சொந்தக்காரர்கள். மாமா கையில் காபியோடு நின்றுகொண்டிருந்தார். நாற்காலியை இழுத்துப் போட்டு, மரியாதையாக, "கூத்கோ மாவா" என்றேன். பேச்சு சட்டென்று நின்றது. ஒரு பையன் களுக்கென்று சிரித்தான். மாமா "ஹ்ம்" என்று உட்கார்ந்துகொண்டார்.

சமையலறையில் மனைவி கேட்டாள். "எங்கப்பாவைப் பாத்து உக்காருடாங்கிற மாதிரி சொல்ற?"

கூத்கோ என்றால் உட்காரு. கூத்கொள்ளி என்றால் உட்காருங்க. நான் கன்னட வினைச்சொற்களைப் பொறுக்கியதெல்லாம் மனைவி என்னிடம் பேசுவதிலிருந்து: பா, ஹேளு, கூத்கோ. மாமாவிடம் 'நீவு' என்று, அதாவது நீங்கள் என்று, ஒழுங்காகத்தான் சொல்லிவந்தேன். அதிலேயே மரியாதை வந்துவிட்டது, வினைக்குத் தனியாக வேண்டாம் என்று இருந்துவிட்டேன். அப்போதுதான் தலையில் இடி இறங்கியது. தினமும் போனை எடுத்ததும் நாம் "சொல்லுங்க மாமா" என்போமே, அதைத்தான் கன்னடத்தில் சொல்வதாக நினைத்து "ஹேளு மாவா" என்று ஆரம்பித்திருக்கிறேன். சொல்லு மாமா. நாலு மாசம். கிட்டத்தட்ட நூற்றிருபது முறை.

இன்னொரு கொடுமை, அவர் தினமும் பதிலுக்கு "ஹேளி" என்றுதான் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளைக்கு மரியாதையாக, சொல்லுங்க. அது என் காதில் நம் ஊர் 'சொல்லி' மாதிரி விழுந்தது. கன்னடத்தில் அந்த அர்த்தமும் உண்டு என்பதால் சந்தேகமே வரவில்லை. ஏதோ பாதியில் விட்ட வாக்கியம் என்று எடுத்துக்கொண்டேன். ஹசிவு தப்பினால் பேச்சு தடுமாறும், அதனால் கவனித்தேன். ஹேளு தப்பினால் பேச்சு நன்றாகவே நடக்கும். அர்த்தத்தைக் கெடுக்காத தப்பு இந்த விதிக்குள் எத்தனை நாள் வேண்டுமானாலும் சௌகரியமாக இருக்கலாம்.

சாயங்காலம் திண்ணையில் கேட்டேன், ஏன் சொல்லவில்லை என்று. "யாகே ஹேளலில்லா மாவா?"

"நீவு கேளலில்லா" என்றார்.

நீங்க கேக்கலை. கேள் என்பது தமிழிலும் கன்னடத்திலும் வினவுவதற்கும் ஒன்று, காதில் வாங்குவதற்கும் ஒன்று. அவர் எதைச் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. இரண்டுமே உண்மை.

விதியை நாங்கள் எடுத்துவிடவில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு நேரம் வைத்தோம். ஞாயிற்றுக்கிழமை கடைசி ஐந்து நிமிஷம், மூன்றே கேள்விகள். "தப்பு இருக்கா?" என்று பொதுவாகக் கேட்டால் "சென்னாகிதே", நன்றாக இருக்கிறது, என்றுவிடுவார். அதனால் நான் அந்த வாரம் சொன்ன வாக்கியத்தையே அப்படியே சொல்லி, "நீவு ஹேகே ஹேள்தீரா?" என்று கேட்கிறேன். நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? தடுமாறிய இடங்களைத் தேர்ந்தெடுப்பது சுலபம். தடுமாறாமல் தப்பாகச் சொன்னதுதான் கஷ்டம். அதற்காக அவர் சம்மதத்தோடு வாரத்தில் ஒரு பேச்சைப் பதிவு செய்து, ஒரே சொல்லை நான் ஒரு மாதிரியும் அவர் ஒரு மாதிரியும் சொல்லும் இடங்களைத் தேடுகிறேன். போன வாரம் நாலு கிடைத்தன. ஒன்றை அடுத்த வாரத்துக்கு வைத்திருக்கிறேன்.

தசரா முடிந்து பெங்களூர் திரும்பிய ராத்திரி, எட்டரைக்கு போன் போட்டு, "ஹேளி மாவா" என்றேன். அந்தப் பக்கம் ஒரு நொடி சத்தமில்லை. அப்புறம் "ஹேளி, ஹேளி" என்றுவிட்டு, மல்லிகைச் செடி துளிர்விட்டிருப்பதைப் பற்றி ஆரம்பித்தார்.