நம்பர் பிளேட்டை மறைப்பது எப்படி?

தாம்பரம் ஸ்டேஷன் வாசலில் எடுத்த ஆட்டோ படம். நம்பரை லேசாக மங்கலாக்கி நண்பனிடம் காட்டினேன். படத்தைச் சின்னதாக்கிப் பார்த்தவன் டிஎன் 11-இல் தொடங்கி முழுசும் வாசித்துவிட்டான்! நம்பரின் அமைப்பு எல்லோருக்கும் தெரிந்ததாச்சே. லேசான மங்கலில் தடயம் மிஞ்சிவிடும்.

சரி, நீக்கிவிடலாம். பிளேட்டையே அழித்தால் பின்னாலுள்ள தகரத்தை நாமே கற்பனையில் வரைய வேண்டும். பொய் என்று தெரிந்துவிடும். அதனால் எழுத்தை மட்டும் எடுத்தேன். குளோன் ஸ்டாம்ப்பால் ஓரத்து மஞ்சளை எழுத்துமேல் பூசினேன். பிளேட்டின் மேல்பக்கம் வெளிச்சம், கீழே நிழல். அந்தந்த உயரத்து மஞ்சளையே எடுக்கணும். போல்ட்டையும் விளிம்பையும் தொடவில்லை. வழவழவென்று இருந்ததால் கொஞ்சம் நாய்ஸ் சேர்த்தேன்.

முடித்து நிமிர்ந்தால், ஆட்டோவின் பக்கவாட்டிலும் அதே நம்பர்!