முற்று எங்கே?

திருச்சுழிப் பகுதியைச் சேர்ந்த வீரசோழனில் யான் சில ஆண்டுகள் தமிழாசிரியனாக இருந்தேன். வானம் பார்த்த பூமி அது. ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்தால் நெல்; நிறையாவிட்டால் வேறு பிழைப்பைத் தேட வேண்டியதுதான். ஆகவே அவ்வூர் மக்களுக்குக் கண்மாயைப் பற்றிய பேச்சு எதுவாயினும் அது உயிரைப் பற்றிய பேச்சே. அங்கு நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியே, தமிழ்த்தொடர் ஏன் வினையில் முடிகிறது என்று என்னைச் சிந்திக்கச் செய்தது.

ஒருநாள் கண்மாய்களைப் பார்வையிட வெளிநாட்டுப் பொறியாளர் ஒருவர் அடுத்த சிற்றூருக்கு வந்தார். கரைமேல் ஆலமர நிழலில் மக்கள் கூடினர். அவர் ஆங்கிலத்தில் பேச, படித்த இளைஞர் ஒருவர் உடன் நின்று தமிழில் சொன்னார். பொறியாளர் தம் பேச்சைச் சிறு சிறு துண்டாக நிறுத்தி நிறுத்திக் கூறினார். இளைஞரும் துண்டு துண்டாகவே மொழிபெயர்த்தார். ஆங்கிலத்தின் வரிசை இவ்வாறு இருந்தது: “நாங்கள் செப்பனிடுவோம் – உங்கள் மடையை – அடுத்த கோடைக்குள் – நீங்கள் வண்டலை அகற்றிக் கொடுத்தால்.”

“நாங்கள் செப்பனிடுவோம்” என்று இளைஞர் முதல் துண்டைச் சொன்னதுமே கூட்டத்தில் மகிழ்ச்சி ஆரவாரம் எழுந்தது. “உங்கள் மடையை” என்றது பாதி காதில் விழுந்தது. “வண்டலை அகற்றிக் கொடுத்தால்” என்ற இறுதித் துண்டோ முன்வரிசையில் இருந்தவர்களுக்கு மட்டுமே கேட்டது. ஏனையோர் நிபந்தனையற்ற வாக்குறுதியைப் பெற்றதாக எண்ணி வீடு திரும்பினர். அடுத்த வாரமே, வண்டலை அள்ள ஆள் வரவேண்டும் என்று சிலர் அழைக்க, “அவர்களே செய்வதாகச் சொன்னார்களே!” என்று பலர் மறுக்க, ஊர் இரண்டுபட்டது.

இளைஞர் ஒரு சொல்லையும் தவறாக மொழிபெயர்க்கவில்லை. பின்னர் பிழை எங்கே நேர்ந்தது?

எனக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர், எந்தச் செய்யுளை எடுத்தாலும் முதலில் ஒரே வினாவைத்தான் கேட்பார்: “முற்று எங்கே?” முற்றைக் கண்டபின்பே எழுவாயையும் செயப்படுபொருளையும் தேட விடுவார். நம் இலக்கண நூலார் வினைக்கு இட்ட பெயர்களை நோக்குங்கள். ‘செப்பனிட்டு’, ‘செப்பனிட்டால்’ என்பன வினையெச்சங்கள். ‘செப்பனிட்ட’ என்பது பெயரெச்சம். எச்சம் என்றால் குறைபட்டு நிற்பது. பெயரெச்சம் ஒரு பெயரையும், வினையெச்சம் ஒரு வினையையும் எதிர்நோக்கி நிற்கின்றன. ‘செப்பனிடுவோம்’ என்பதோ காலத்தையும் இடத்தையும் காட்டித் தானே நிறைந்து நிற்கிறது. ஆதலின் அது முற்று. இப்பெயர்கள் சொல்லின் வடிவத்தை மட்டும் குறிப்பன அல்ல; கேட்போன் செவியின் நிலையையும் குறிப்பன. எச்சத்தைக் கேட்கும் தமிழ்ச்செவி ‘இன்னும் வரும்’ என்று காத்திருக்கும். முற்றைக் கேட்டதும் ‘முடிந்தது’ என்று ஓய்ந்துவிடும். அன்று கண்மாய்க் கரையில் நிகழ்ந்தது இதுவே. முற்று முதலில் வந்தது, செவிகள் ஓய்ந்தன.

அங்ஙனமாயின் தமிழ் ஏன் முற்றை இறுதியில் வைத்தது? தமிழில் அடைமொழி முன்னும் அடைகொளி பின்னும் வரும். ‘கரிய மண்’ என்போம். ‘கண்மாயின் மடை’ என்போம். ‘நேற்று உடைந்த கரை’ என்போம். சார்ந்து நிற்பது முன்னே செல்ல, சாரப்படுவது பின்னே வருகிறது. தொடர் முழுவதும் எதைச் சார்ந்து நிற்கிறதோ அது வினைமுற்று. ஆகவே அது எல்லாவற்றுக்கும் பின்னே வந்து அமர்கிறது. இது தமிழுக்கு மட்டும் உரிய வழக்கன்று. தெலுங்கு, கன்னடம், மலையாளம் ஆகிய இனமொழிகளிலும், இந்தியிலும், கடல் கடந்த சப்பானியத்திலும் வினை இறுதியிலேயே நிற்கும். இம்மொழிகளுள் ஒன்றிலிருந்து தமிழுக்குப் பெயர்ப்பவன் ஏறக்குறைய வந்த வரிசையிலேயே சொல்லிக்கொண்டு போகலாம். ஆங்கிலத்தில் எழுவாயை அடுத்தே வினை வந்துவிடுதலால், அங்கே அந்த வசதி இல்லை.

செய்யுளில் வினை முன்னும் வருமே என்று நீங்கள் கேட்கக்கூடும். வரும். ‘வந்தான் முருகன்’ என்று பேச்சிலும் சொல்கிறோம். வேற்றுமை உருபுகள் சொற்களின் உறவைக் காத்து நிற்பதால் இடம் மாறினாலும் பொருள் கெடுவதில்லை. ஆயினும் நன்னூலார் பொருள்கோளை எட்டாக வகுத்து, அவற்றுள் கொண்டுகூட்டு என ஒன்றையும் வைத்ததைக் கருதுக. சிதறிக் கிடக்கும் சொற்களை ஏற்றவாறு எடுத்துக் கூட்டிப் பொருள் காண்பது அது. நம் உரையாசிரியர்கள் செய்த அவ்வேலையைத் தமிழிலிருந்து தமிழுக்குச் செய்த மொழிபெயர்ப்பு என்றே யான் கருதுவேன்.

மறுதிசையிலும் இடர் உண்டு. அன்றைய கூட்டத்தில் முதியவர் ஒருவர் எழுந்து, “போன மழையில் கரை உடைந்து பயிர் அழிந்து நிற்கும் எங்களுக்கு இன்றுவரை ஒரு காசுகூட வந்து சேரவில்லை” என்றார். ஆங்கிலத்தில் சொல்லவேண்டுமானால் ‘வந்து சேரவில்லை’ என்பது தொடக்கத்திலேயே வரவேண்டும். முதியவரோ அதனை இறுதியில்தான் வெளியிட்டார். வந்ததா, வரவில்லையா என்பது கடைசிச் சொல்லில் அல்லவா இருக்கிறது! பொறுமையின்றி இடையிலேயே வாய் திறப்பவன் இல்லாத பணத்தை வந்ததாகச் சொல்லிவிடுவான்.

எழுதி மொழிபெயர்ப்போருக்கு வேறொரு சிக்கல். ‘அவன் பெட்டியைத் திறந்து உள்ளே கண்டான் ஒரு பாம்பை’ என்பது ஆங்கில வரிசை. வியப்பு இறுதியில் நிற்கிறது. ‘உள்ளே ஒரு பாம்பைக் கண்டான்’ என்று நேரே தமிழாக்கினால் பாம்பு முன்னதாகவே வெளிப்பட்டு, இறுதியில் சப்பென்று ‘கண்டான்’ எஞ்சுகிறது. இங்கே பெயர்ப்பயனிலை உதவும்: “அவன் பெட்டியைத் திறந்தான். உள்ளே கண்டது ஒரு பாம்பு.” தொடர் வினையில் முடியவில்லை, ஆயினும் பயனிலையில்தான் முடிகிறது. ஆங்கிலத்தில் நான்கைந்து கிளைகளோடு நீளும் தொடரை ஒரே முற்றின்கீழ் அடக்க முயல்வதும் வீண். எச்சங்கள் அடுக்கடுக்காய் ஏறினால் எது எதைத் தழுவுகிறது என்று படிப்பவன் திகைப்பான். அவ்விடத்தில் இரண்டு முற்றுகளாகப் பிரிப்பதே தக்கது.

திங்கள் ஒன்று கழிந்து பொறியாளர் மீண்டும் வந்தார். இம்முறை இளைஞர் அவருடைய தொடர் முழுவதும் முடியும்வரை வாய் திறக்கவில்லை. அந்த மௌனம் பொறியாளருக்கு விளங்கவில்லை, ‘ஏன் நிற்கிறாய்?’ என்பதுபோல் பார்த்தார். இளைஞர் பின்னர் நிதானமாகச் சொன்னார்: “மடைக்கு முன்னால் மண்டிக் கிடக்கும் வண்டலை நீங்கள் அகற்றிக் கொடுத்தால், அடுத்த கோடைக்குள் உங்கள் மடையை நாங்கள் செப்பனிடுவோம்.” ஆரவாரம் எழவில்லை. முன்பு பேசிய முதியவர், “தம்பி, இதை அன்றைக்கே இப்படிச் சொல்லியிருக்கலாமே” என்றார்.

கண்மாய் வற்றியதும் வண்டிகள் இறங்கின. அள்ளிய வண்டலை அவரவர் புஞ்சையில் கொட்டிப் பரப்பினர்.