ஒரு வாரம் டைம் கொடுங்க சார்!

நீங்க ஃபைனல் இயர் சிவிலா? அப்ப இந்தக் கதை உங்களுக்குத்தான்.

சிமென்ட்டில் 20 சதவிகிதத்தை எடுத்துட்டு ஃப்ளை ஆஷ் கலந்து கான்கிரீட் போடுறது எங்க ப்ராஜெக்ட். ஜனவரி 10-ம் தேதி க்யூப் போட்டோம். மறுநாள் மோல்டைக் கழற்றி தண்ணித் தொட்டியில் இறக்கினோம். 28-வது நாள், அதாவது பிப்ரவரி 7-ல் உடைச்சுப் பார்த்துட்டு, 10-ம் தேதி ரிப்போர்ட் சப்மிட். பக்கா பிளான்!

பொங்கல் லீவு முடிஞ்சு 18-ம் தேதி வந்து பார்த்தா, தொட்டி காலி. அடியில எங்கேயோ கசிவு. க்யூபெல்லாம் காய்ஞ்சு வெளுத்துக் கிடக்கு. ஈரம் இல்லாம காய்ஞ்ச க்யூபோட பலத்தை எந்த ரிப்போர்ட்டிலும் நம்பி எழுத முடியாது.

'பாட்டி செத்துட்டாங்கன்னு சொல்லிடு மச்சி'ன்னான் நண்பன். (எங்க பேட்ச்ல ஏற்கெனவே நாலு பாட்டிங்க ரெண்டாவது தடவை செத்திருந்தாங்க.) நான் அதுக்கும் மேலே ஒரு தப்பு பண்ணினேன். கைடு முன்னாடி போய் நின்னு, 'ஒரு வாரம் டைம் கொடுங்க சார்'னு பயந்து பயந்து கேட்டேன்.

அவர் காலண்டரைத் திருப்பினார். "நாளன்னைக்கு 20-ம் தேதி மறுபடி போட்டா 28 நாள் எப்ப வருது?" எண்ணினேன். பிப்ரவரி 17. நான் கேட்ட ஒரு வாரமும் அன்னிக்கேதான் முடியுது. க்யூபை உடைச்ச கையோட ரிப்போர்ட்டை எங்கே எழுதுறது? திரும்பவும் போய் நின்னிருப்பேன்.

'அப்ப 7 நாள் ரிசல்ட்டை மட்டும் வெச்சு முடிச்சுடலாமா சார்?' அதுவும் நடக்காது. ஃப்ளை ஆஷ் மெதுவாத்தான் வேலை செய்யும். ஏழாம் நாள் சாதா கான்கிரீட்டைவிட பலம் கம்மியாத்தான் காட்டும். அதை நம்பி எழுதினா, 'ஃப்ளை ஆஷ் வேஸ்ட்'னு தப்பான முடிவோட ப்ராஜெக்ட் முடிஞ்சிருக்கும். சொல்லப்போனா, டைம் கேட்க எங்ககிட்ட இருந்த உண்மையான காரணமே இதுதான்.

அன்னிக்கு ராத்திரி ஹெச்.ஓ.டி-க்கு ஒரே பக்கத்தில் லெட்டர் எழுதினோம். தொட்டி கசிஞ்சதையும், லீவுல அதைப் பார்த்துக்க யார்கிட்டயும் சொல்லாமப் போனது எங்க தப்புங்கிறதையும் மறைக்கலை. அப்புறம் தேதிகள்: 20 காஸ்டிங், 27-ல் 7 நாள் டெஸ்ட், பிப்ரவரி 17-ல் 28 நாள் டெஸ்ட், 24-ல் சப்மிஷன். டெஸ்டிங் மெஷினுக்கு லேப் அசிஸ்டென்ட்கிட்ட முன்கூட்டியே ரெண்டு தேதியும் கேட்டு எழுதிட்டோம். முதல் மூணு சாப்டர் பழைய தேதியான 10-ம் தேதியே வந்துடும்னும் சேர்த்தோம்.

ஹெச்.ஓ.டி அந்தக் கடைசி வரியை அடிக்கோடு போட்டுட்டு, "தொட்டியை யார் பார்த்துப்பீங்க?"ன்னார். தினமும் யார், எத்தனை மணிக்குன்னு பின்பக்கத்துல அங்கேயே எழுதிக் கொடுத்தோம். கையெழுத்து விழுந்தது.

27-ம் தேதி சாயந்திரம், அவர் கேட்காமலேயே 7 நாள் ரிசல்ட்டைக் கொண்டு போய்க் காட்டினேன். எதிர்பார்த்த மாதிரியே கம்மிதான். "தொட்டில தண்ணி இருக்கா?"ன்னு மட்டும் கேட்டார்.